மூணு ஒரிஜினலும் பீரோவில்தான் இருக்கு, சரக்கு இல்லை

இந்த எபிசோடை ஒரு பீரோவில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

மதுரைக்காரங்களுக்கு கப்பலூரைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு, திருமங்கலம் போற வழியில் ஒரு டோல்கேட்டில் நின்னிருப்பீங்களே, அந்த ஊர்தான். பேரில் கப்பல் இருக்கு. ஆனா கப்பலைக் கண்ணால பார்க்கணும்னா தூத்துக்குடி வரைக்கும் சுமார் 150 கிலோமீட்டர் போகணும். அங்க இருக்கிற சிட்கோ தொழிற்பேட்டையில் என் பெரியப்பா மகன் ஒரு சின்ன யூனிட் வச்சிருக்கார். துணிப்பை, ஏப்ரன், சமையலறைத் துண்டு தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற வேலை.

போன தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனப்போ, பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே மூணு தாள். மூணும் ஒரே மாதிரி, மூணிலும் ஒரிஜினல் என்று அச்சடிச்சிருக்கு.

"தம்பி, இது 40 லட்ச ரூபாய் சரக்குடா. சட்டப்படி இந்தத் தாள் யார்கிட்ட இருக்கோ அவங்களுக்குத்தான் சரக்கைக் கொடுக்கணும். தாள் இன்னும் என்கிட்டதான் இருக்கு. சரக்கை எடுத்து அவன் வித்தே முடிச்சுட்டான்."

அந்தத் தாளுக்குப் பேர் பில் ஆஃப் லேடிங். தூத்துக்குடியில் எல்லாரும் பி.எல். என்றுதான் சொல்வாங்க. நானும் அப்படியே சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். ஷிப்பிங் பில் என்று இன்னொரு தாள் இருக்கு. பேர் கேட்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா அது வேற. ஷிப்பிங் பில் என்பது ஏற்றுமதியாளர் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்வது. "இன்ன சரக்கை, இன்ன மதிப்புக்கு, நாட்டை விட்டு அனுப்புறேன்" என்று அரசாங்கத்துக்குச் சொல்வது அவ்வளவுதான். பி.எல். அரசாங்கம் சம்பந்தப்பட்டதே இல்லை. சரக்கு கப்பலில் ஏறியதும் கப்பல் கம்பெனி, அல்லது அதன் ஏஜென்ட், கையெழுத்துப் போட்டுத் தருவது.

அந்தத் தாள் மூணு வேலை செய்யும். ஒண்ணு, ரசீது. இவ்வளவு சரக்கு, வெளியில் பார்க்க நல்ல நிலையில், என் கப்பலில் ஏறியாச்சு என்கிற ரசீது. ஆனா கண்டெய்னர் காலத்தில் இந்த ரசீதுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கப்பலூரில் பெட்டியில் சரக்கை ஏத்தி சீல் வச்சு அனுப்பினால், கப்பல்காரர் உள்ளே பார்க்கப் போறதில்லை. அதனால தாளில் "ஏற்றியதும் எண்ணியதும் அனுப்பியவரே" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். உள்ளே 800 அட்டைப்பெட்டி என்று எழுதியிருந்தாலும், 800 இருந்தது என்பதற்குக் கப்பல் கம்பெனி அவ்வளவு சுலபமாகப் பொறுப்பு ஏற்காது. சீல் உடையாமல் பெட்டி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவங்க கணக்கு.

ரெண்டாவது வேலை, சரக்கைக் கொண்டு போவதற்கான ஒப்பந்தத்துக்கு அத்தாட்சி. தாளின் ஒரு பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். நாம ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது படிக்காமல் "ஏற்கிறேன்" அழுத்துறோமே, அதே மாதிரி இதையும் யாரும் படிப்பதில்லை. ஆனா அது எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கு. சண்முகவிலாஸ் கேஷ்யூ இண்டஸ்ட்ரீஸ் என்று கொல்லத்தில் ஒரு முந்திரி நிறுவனம். ஆப்பிரிக்காவில் இருந்து முந்திரிக்கொட்டை வாங்கினாங்க. கொச்சியில் இறங்கியபோது மூட்டை குறைஞ்சது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி மேல் கேரளாவிலேயே வழக்குப் போட்டாங்க. கம்பெனி சொன்னது, பி.எல். நிபந்தனைப்படி இங்கிலாந்து நீதிமன்றத்துக்குத்தான் போகணும் என்று. 1990இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. கவனிங்க, கொல்லத்துக்காரங்க அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடலை. அனுப்பியவர் வேற ஆள். ஆனா பி.எல். அவங்க கைக்கு வந்தபோது, அதோடு உரிமையும் வந்தது, நிபந்தனையும் வந்தது.

மூணாவது வேலைதான் இந்த எபிசோடு. இந்தத் தாள் சரக்கின் மேல் உள்ள உரிமையைத் தாங்கும் ஆவணம். தாளைக் கைமாற்றினால் நடுக்கடலில் இருக்கும் சரக்கே கைமாறியது போல.

இது ஏன் தேவைப்பட்டது? பாய்மரக் கப்பல் காலத்தை நினைச்சுப் பாருங்க. சரக்கு மாசக்கணக்கில் கடலில் கிடக்கும். அத்தனை நாளும் வியாபாரியின் பணம் முடங்கிக் கிடக்கும். அதனால சரக்கு வந்து சேரும் முன்பே தாளின் பின்னால் கையெழுத்துப் போட்டு இன்னொருத்தருக்கு விற்கும் பழக்கம் வந்தது. இந்தப் பழக்கம் இங்கிலாந்தில் கோர்ட்டுக்குப் போச்சு, லிக்பேரோ எதிர் மேசன் என்ற வழக்கில். விற்றவருக்குப் பணம் தராமலேயே வாங்கியவர் திவாலாயிட்டார். ஆனா அதுக்குள்ள பி.எல்.லை மூணாவது ஆளுக்குக் கைமாற்றிட்டார். சரக்கு யாருக்கு? பணம் கிடைக்காத முதல் ஆளுக்கா, தாளை நம்பி வாங்கிய மூணாவது ஆளுக்கா? கடைசியில் 1794இல், வியாபாரிகளின் வழக்கப்படி பி.எல்.லைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் உரிமையும் போகும் என்று ஜூரி சொன்னது. இந்தியாவில் இதற்கு 1856இல் ஒரு சட்டம் வந்தது, ரொம்பச் சின்னச் சட்டம். சிப்பாய்க் கலகத்துக்கு முந்தின அந்தச் சட்டத்தை வச்சேதான் நம்ம துறைமுகங்கள் 2025 வரை ஓடின. 2025இல்தான் பில்ஸ் ஆஃப் லேடிங் சட்டம் என்று புதுசாக ஒண்ணு வந்து அதை மாற்றியது.

இப்போ தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மேல் பக்கம் இடது மூலையில் மூணு கட்டம். அனுப்புபவர், பெறுபவர், தகவல் சொல்ல வேண்டியவர். எல்லா விஷயமும் நடுக் கட்டத்தில்தான் இருக்கு. பெறுபவர் என்ற இடத்தில் நேரடியாக வாங்குபவரின் பேரை எழுதினால் அந்தத் தாளை வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது. "டு ஆர்டர்" என்று எழுதினால், "அனுப்பியவர் யாருக்குக் கொடுக்கச் சொல்கிறாரோ அவருக்கு" என்று அர்த்தம். அனுப்பியவர் தாளின் பின்னால் கையெழுத்தும் சீலும் போட்டு, யார் பேரையும் எழுதாமல் கொடுத்தால், அதைக் கையில் வச்சிருக்கும் எவரும் சரக்கைக் கேட்கலாம். நம்ம பாஷையில் சொன்னா இது பேரர் டோக்கன். நீ யாருன்னு சர்வர் கேட்காது, டோக்கன் இருக்கான்னு மட்டும்தான் கேட்கும்.

மூணு ஒரிஜினல் எதுக்கு? அந்தக் காலத்தில் தபாலே கப்பலில்தான் போச்சு. ஒரு கப்பல் மூழ்கினால் இன்னொண்ணு போய்ச் சேரட்டும் என்று தனித்தனியாக அனுப்பினாங்க. பழக்கம் இன்னும் ஓடுது. ஆனா மூணில் ஏதாவது ஒண்ணைக் கொடுத்துச் சரக்கை எடுத்தாச்சுன்னா மத்த ரெண்டும் செல்லாது என்று தாளிலேயே எழுதியிருக்கும். அதாவது மூணு சாவி, ஆனா பூட்டு ஒரு தடவைதான் திறக்கும். அதனாலதான் வங்கிகள் மூணும் மொத்தமாக வரணும் என்று அடம் பிடிக்கும். ரெண்டைக் கொடுத்துட்டு ஒண்ணை நீங்க வச்சுக்கிட்டா, அந்த ஒண்ணை வச்சு நீங்களே சரக்கை வேற ஆளுக்கு வித்துடலாமே.

இங்க ஒரு நுணுக்கம். பி.எல். கையில் இருந்தால் சரக்கின் முதலாளி நீங்கதான் என்று தானாக ஆகிவிடாது. வங்கி அதை வச்சிருக்கும்போது வங்கி துணிப்பைக்கு முதலாளி ஆகிறதில்லை, அடமானமாகத்தான் வச்சிருக்கு. சொத்து எப்போ கைமாறுது என்பது விற்பவரும் வாங்குபவரும் என்ன பேசிக்கிட்டாங்க என்பதைப் பொறுத்தது. நம்ம 1930ஆம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் இதில் விற்பவருக்கு ஒரு உதவி செய்யுது. பி.எல்.லை உங்க ஆர்டருக்கே எடுத்தீங்கன்னா, பணம் வரும் வரை சரக்கை நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்க என்றுதான் சட்டம் முதலில் நினைக்கும்.

அதை வச்சுத்தான் கப்பலூர்க்காரர் பணம் வாங்கும் முறையும் அமையுது. அண்ணன் போட்ட கணக்கு இதுதான். 40 லட்சத்தில் 12 லட்சம் முன்பணம். மீதி 28 லட்சம் ஆவணத்துக்கு எதிராக. அதாவது சரக்கு அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும். பி.எல். கைக்கு வரும். அதை இன்வாய்ஸோடு சேர்த்துத் தன் வங்கியில் கொடுப்பார். வங்கி அதை வாங்குபவரின் ஊர் வங்கிக்கு அனுப்பும். அங்க அவன் 28 லட்சத்தைக் கட்டினால்தான் பி.எல். கிடைக்கும். பி.எல். கிடைத்தால்தான் துறைமுகத்தில் சரக்கு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ரெண்டு பேருக்கு நடுவில் நம்பிக்கைக்குப் பதிலாக ஒரு தாள். யோசிச்சா அழகான புரோட்டோகால்.

எங்க உடைஞ்சது என்று சொல்றதுக்கு முன்னாடி, பலரும் சந்தேகப்படும் ஒரு இடத்தைக் கடந்துடலாம். இப்போ கப்பல் வேகமாகப் போயிடுது. தூத்துக்குடியில் இருந்து கொழும்பு ஒரு ராத்திரிப் பயணம். சரக்கு போய் நிற்கும், தாள் இன்னும் மதுரை வங்கியில் கவருக்குள் இருக்கும். இதற்காக வந்ததுதான் டெலக்ஸ் ரிலீஸ். மூணு ஒரிஜினலையும் ஏற்றிய ஊரிலேயே கப்பல் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துடுவீங்க. அவங்க அந்தப் பக்க ஆபீசுக்கு, தாள் இல்லாமலே கொடுத்துடலாம் என்று சொல்லிடுவாங்க. டெலக்ஸ் மெஷினை யாரும் பார்த்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்போ போறது ஈமெயில், பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. பணம் முழுசும் வந்த பிறகு இதைச் செய்தால் பிரச்சினையே இல்லை. வருவதற்கு முன்னாடி செய்தால், சாவியை நீங்களே கொடுத்துட்டீங்க, அப்புறம் கப்பல்காரரைத் திட்ட முடியாது. அண்ணன் இதைச் செய்யலை. வாங்குபவர் ரெண்டு தடவை கேட்டார், இவர் மறுத்துட்டார். அதனாலதான் தாள் இன்னும் பீரோவில் இருக்கு.

அப்புறம் சரக்கு எப்படிப் போச்சு?

வாங்குபவர் எஃப்.ஓ.பி. முறையில் வாங்கினார். அதாவது கப்பலில் ஏத்தும் வரைதான் அண்ணன் செலவு, கப்பல் வாடகை வாங்குபவருடையது. வாடகை அவர் கொடுப்பதால், எந்த ஃபார்வர்டர் மூலமாகப் போகணும் என்பதையும் அவரே சொன்னார். ஃபார்வர்டர் என்பவருக்குச் சொந்தமாகக் கப்பல் கிடையாது. கப்பல் கம்பெனியிடம் இடம் வாங்கி நமக்குத் தருபவர். நம்ம டிராவல்ஸ்காரங்க மாதிரி, டிக்கெட் தருவார், பஸ் வேறொருத்தருடையது.

இப்போ ஒரே பெட்டிக்கு ரெண்டு பி.எல். உருவாகுது. கப்பல் கம்பெனி ஃபார்வர்டருக்குக் கொடுப்பது மாஸ்டர் பி.எல். ஃபார்வர்டர் அண்ணனுக்குக் கொடுப்பது ஹவுஸ் பி.எல். அண்ணனின் ஹவுஸ் பி.எல்.லில் "டு ஆர்டர்" என்று சரியாகத்தான் இருந்தது. ஆனா அவர் கண்ணிலேயே படாத மாஸ்டர் பி.எல்.லில், பெறுபவர் கட்டத்தில் இருந்தது அந்த ஊரில் உள்ள ஃபார்வர்டரின் ஏஜென்ட் பேர்.

கப்பல் கம்பெனிக்கு மாஸ்டர் பி.எல். மட்டும்தான் தெரியும். அதன்படி ஏஜென்டிடம் பெட்டியைக் கொடுத்தது. கம்பெனி செய்தது சரி. அடுத்து ஏஜென்ட், "உன் ஹவுஸ் பி.எல். ஒரிஜினல் எங்கே?" என்று வாங்குபவரிடம் கேட்டிருக்கணும். கேட்கலை. அந்த ஏஜென்டுக்குத் தொடர்ந்து வேலை தருவது வாங்குபவர்தான். கப்பலூரில் இருக்கும் ஒருத்தரை அவனுக்குத் தெரியவே தெரியாது. பெட்டி வெளியே போச்சு.

அண்ணனின் வங்கிக்கு அந்தப் பக்க வங்கியிடம் இருந்து வந்ததெல்லாம் "பார்ட்டி இன்னும் வரலை" என்ற பதில்தான். சரக்கு துறைமுகத்தில் நிற்குது, வாடகை ஏறுது என்றே ரெண்டு மாசம் இவர் கவலைப்பட்டார். விலையைக் குறைச்சுத் தரவா என்று மெயில்கூட அனுப்பினார். கடைசியில் ஆவணங்கள் திரும்பி வந்துடுச்சு.

அப்போதான் எனக்கு போன் பண்ணினார். நான் செய்தது ஒரே ஒரு வேலை. கண்டெய்னர் நம்பரைக் கேட்டேன். நாலு எழுத்து, ஏழு இலக்கம், பெட்டியின் மேல் எழுதியிருக்கும், பி.எல்.லிலும் இருக்கும். அதைக் கப்பல் கம்பெனியின் வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன். கடைசி மூணு வரி இப்படி இருந்தது:

```
Discharged
Gate Out Full
Empty Returned
```

முதல் வரி, பெட்டி கப்பலில் இருந்து இறங்கியாச்சு. ரெண்டாவது, சரக்கோடு துறைமுகத்தை விட்டு வெளியே போயாச்சு. மூணாவது, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாச்சு. தேதியைப் பார்த்தா, இவர் விலையைக் குறைக்கிறேன்னு மெயில் போட்டதற்கு ஆறு வாரம் முன்னாடியே பெட்டி காலி.

ரொம்ப நேரம் அவர் பேசலை. அப்புறம் கேட்டார், "தாள் இல்லாம எப்படிடா கொடுத்தான்?"

கேள்வி சரியான கேள்வி. தாள் இல்லாமல் கொடுத்தால் கொடுத்தவன் பொறுப்பு என்பது பழைய, உறுதியான விதி. சிக்கல் எங்கன்னா, யாருடைய தாள் என்பதில். இவர் கையில் இருந்தது கப்பல் கம்பெனி கையெழுத்திட்ட தாள் இல்லை. ஃபார்வர்டர் கையெழுத்திட்டது. வழக்குப் போட்டால் அந்த ஃபார்வர்டர் மேல்தான் போடணும். கப்பல் கம்பெனிக்குச் சொத்து இருக்கு, கப்பல் இருக்கு, நம்ம துறைமுகத்துக்கு வந்தால் கோர்ட் உத்தரவு வாங்கிக் கப்பலையே பிடிச்சு வைக்கலாம். ஃபார்வர்டரிடம் இருப்பது ஒரு வாடகை ஆபீஸும் நாலு கம்ப்யூட்டரும். அண்ணன் பிடிச்சு வச்சிருந்தது சாவிதான், ஆனா அந்தப் பூட்டுக்கு வேற ஒருத்தர்கிட்ட மாஸ்டர் சாவி இருந்தது.

நேரமும் ஓடிக்கிட்டு இருந்தது. 1993ஆம் வருஷ மல்டிமோடல் டிரான்ஸ்போர்ட்டேஷன் சட்டத்தின்கீழ் பதிவான ஆபரேட்டர் கொடுத்த ஆவணம் என்றால், ஒன்பது மாசத்துக்குள் வழக்குப் போடணும். நேரடிக் கப்பல் பி.எல். என்றால் பொதுவாக ஒரு வருஷம். "பேசிக்கிட்டு இருக்கோம் சார், ஏஜென்ட்கிட்ட கேட்டிருக்கோம் சார்" என்று ஃபார்வர்டர் இழுத்ததெல்லாம் அந்த ஒன்பது மாசத்தைத் தின்னத்தான் என்பது வக்கீலைப் பார்த்த பிறகுதான் புரிஞ்சது. எட்டாவது மாசம் நோட்டீஸ் போச்சு. 28 லட்சத்தில் 16 லட்சத்துக்குப் பேசி முடிச்சாங்க. ஏற்றுமதிக் கடனுக்கான இ.சி.ஜி.சி. காப்பீடு எடுத்திருந்தீங்களான்னு வக்கீல் கேட்டாராம். எடுக்கலை. பிரீமியம் தண்டம் என்று நினைச்சிருக்கார்.

இதைக் கேட்டதும் நம்ம ஆளுங்க எல்லாரும் கேட்கும் கேள்வி: 2020கள்ல எதுக்குத் தாள், பி.டி.எஃப். அனுப்பினா போதாதா? போதாது. பி.டி.எஃப்.பை நான் உங்களுக்கு அனுப்பின பிறகும் என்கிட்ட இருக்கும். பி.எல்.லுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், உங்ககிட்ட வந்தால் என்கிட்ட இல்லாமல் போகணும். எந்த நேரத்திலும் ஒரே ஒருத்தர் கையில் மட்டும். டெக்னாலஜி ஒரு பக்கம் இருக்கட்டும், எலக்ட்ரானிக் ஆவணத்தையும் ஒருவர் "கைவசம்" வச்சிருக்கலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் ஒத்துக்கிட்டதே 2023இல்தான். உலகத்தின் பெரிய கண்டெய்னர் கம்பெனிகள் 2030க்குள் முழுக்க எலக்ட்ரானிக் பி.எல்.லுக்கு மாறுவதாகச் சொல்லியிருக்கு. ஆனா அண்ணனுக்கு நடந்ததை அதுவும் தடுத்திருக்காது. ஹவுஸ், மாஸ்டர் என்ற ரெண்டு அடுக்கு எலக்ட்ரானிக் ஆனாலும் ரெண்டு அடுக்குதான்.

இப்போ அவர் என்ன செய்யறார்? எஃப்.ஓ.பி.யை விட்டுடலை, விட்டால் பாதி ஆர்டர் போயிடும். ஆனா டிராஃப்ட் பி.எல். வந்ததும் முதலில் பார்ப்பது கீழ் வலது மூலை, கையெழுத்து இடம். கப்பல் கம்பெனியே கையெழுத்திட்டிருக்கா, அதன் ஏஜென்ட் என்று எழுதி கையெழுத்திட்டிருக்கா, இல்ல ஃபார்வர்டர் தானே கேரியர் என்று போட்டிருக்கா? கடைசி ரகமாக இருந்தால், கப்பல் கம்பெனி பி.எல்.லே தன் பேரில், டு ஆர்டராக வேணும் என்று கேட்பார். ஒத்துக்கலைன்னா முன்பணத்தை ஏத்தச் சொல்வார். கப்பல் கிளம்பிய பிறகு வாரம் ரெண்டு தடவை கண்டெய்னர் நம்பரைப் போட்டுப் பார்க்கிறார். அதுக்கு நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். `Gate Out` என்று வந்தால் அவர் போனுக்கு மெசேஜ் போகும். அதை நம்பாமல் கையாலயும் பார்க்கிறார், அது வேற விஷயம்.

போன மாசம் புது வாங்குபவர் ஒருத்தர், திரும்பவும் அவர் சொல்லும் ஃபார்வர்டர். நான் யூனிட்டில் இருந்தப்போ ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ரேட் எல்லாம் பேசி முடிச்ச பிறகு மெதுவாகக் கேட்டார், "சார், மாஸ்டர் பி.எல்.ல பெறுபவர் பேர் என்ன போடுவீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எதுக்குண்ணே கேக்குறீங்க? யாரும் கேட்க மாட்டாங்களே."

"மெயில்ல எழுதிக் கொடுங்க" என்றார் அண்ணன். ரெண்டு நாள் கழிச்சு மெயில் வந்தது.